ஐந்து வேலை நாளில் வருவோம் என்றால் எந்தத் தேதி?

"ஐயா, கிளிநொச்சியில் தண்ணீர் மோட்டாரும் ஆர்.ஓ. பில்டரும் திருத்திக் கொடுக்கிறேன், இரண்டு பொடியன்கள் வேலைக்கு நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்க்க ஐந்து வேலை நாள் என்று சொல்வேன். ஆனால் சனி, ஞாயிறு, போயா எல்லாம் வந்து ஒவ்வொரு முறையும் வாக்குவாதம்தான். சரியாக எப்படி எண்ணுவது?"

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஆட்களிடம் "ஐந்து வேலை நாள்" என்று சொல்வதையே நிறுத்துங்கள். எண்ணுகிற வேலை உங்களுடையது, அதை வாடிக்கையாளர் தலையில் கட்டினால் அவர் அவருக்கு வசதியான மாதிரித்தான் எண்ணுவார். நீங்கள் எண்ணி முடித்து, தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "21ஆம் தேதி, புதன், மதியத்துக்குள்." கிழமையும் சேர்ந்தால் பிழை உடனே தெரியும், ஏனென்றால் அந்தப் பக்கம் இருப்பவரே "புதனா, 21 வியாழன் இல்லையோ" என்று கேட்பார்.

இனி எண்ணுகிற முறை. வாக்குவாதத்தில் பாதி முதல் நாளிலேயே தொடங்குகிறது. போன் வந்த நாளை ஒன்று என்று எண்ணுவதா, பூச்சியம் என்றா? பூச்சியம். அடுத்த வேலை நாள்தான் ஒன்று. அதோடு மாலையில் ஒரு நேரத்தை வெட்டு நேரமாக வையுங்கள், மூன்று மணி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணிக்குப் பிறகு வந்த அழைப்பும் கடை பூட்டியிருக்கிற நாளில் வந்த அழைப்பும் அடுத்த வேலை நாளில்தான் பதிவு, அந்த நாள்தான் பூச்சியம். நான் ஜெனரேட்டர் திருத்துகிற ஓர் இடத்தில் கொப்பி எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம் ஏச்சு வாங்கினேன். பதிவு நாளையே ஒன்று என்று எண்ணி ஒவ்வொரு தேதியையும் ஒரு நாள் முன்னுக்குக் கொடுத்துவிட்டு, பொடியன்கள் பிந்துகிறார்கள் என்று அவர்கள் மேல் பாய்ந்துகொண்டிருந்தேன். பிழை என்னுடைய கொப்பியில் இருந்தது.

ஒரு உதாரணத்தை நாள் நாளாகப் பார்ப்போம். 2025 மே மாதம் 9ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குப் புதுக்குடியிருப்பில் இருந்து ஒருவர் போன் பண்ணுகிறார், கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. "ஐந்து நாளில் வருவோம்" என்று சொல்லி வைத்தால் அவர் விரலை மடக்கி 14ஆம் தேதி புதன் என்று காத்திருப்பார். உங்கள் பக்கம் என்ன நடக்கும்? மூன்று மணி தாண்டிவிட்டது, ஆகவே இன்று பதிவில்லை. 10 சனி, 11 ஞாயிறு. 12 திங்கள் வெசாக் போயா, 13 செவ்வாய் வெசாக்குக்கு அடுத்த நாள், அதுவும் விடுமுறை. பதிவு விழுவதே 14 புதன்தான், அது பூச்சியம். 15 வியாழன் ஒன்று, 16 வெள்ளி இரண்டு, சனி ஞாயிறு போக 19 திங்கள் மூன்று, 20 நாலு, 21 புதன் ஐந்து. அவர் பார்த்துக்கொண்டிருந்த நாளுக்கும் நீங்கள் போகிற நாளுக்கும் நடுவில் முழுசாக ஒரு கிழமை. அதே ஆள் பின்னேரம் இரண்டு மணிக்கு எடுத்திருந்தால் 9ஆம் தேதியே பூச்சியம், 14 புதன் ஒன்று, 20 செவ்வாய் ஐந்து.

சனிக்கிழமையை நான் எண்ணவில்லை, கவனித்தீர்களா. உங்கள் கடை சனி திறந்திருக்கும் என்று தெரியும், இருந்தாலும் வாக்குக் கொடுக்கிற கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு பொடியனுக்குக் காய்ச்சல், ஒரு மோட்டார் சைக்கிள் பழுது, ஒரு வீட்டில் அரை மணி நேர வேலை நாலு மணி நேரமாக இழுத்தது, இதெல்லாம் அந்தக் கிழமைக்குள்ளேயே சரிக்கட்ட வேண்டும் என்றால் சனி கையில் வெறுமையாக இருக்க வேண்டும். சனியையும் எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லாருக்கும் எண்ணுங்கள், ஒருத்தருக்கு எண்ணி இன்னொருத்தருக்கு விட்டால் மறுபடியும் சண்டைதான். இன்னொன்று, போயா சனியிலோ ஞாயிறிலோ விழுந்தால் அதை இரண்டாம் தரம் கழிக்கக் கூடாது. 2025 ஏப்ரல் போயா 12ஆம் தேதி சனிக்கிழமை விழுந்தது. "வார இறுதி இரண்டு, போயா ஒன்று, மொத்தம் மூன்று" என்று மனக்கணக்குப் போட்டவர்கள் ஒரு நாளைச் சும்மா தள்ளிச் சொன்னார்கள்.

இப்போது விடுமுறைப் பட்டியல். சுவரில் தொங்குகிற கலண்டரில் சிவப்பாக இருப்பதெல்லாம் எல்லாருக்கும் விடுமுறை என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை. போயா, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, மே தினம், நத்தார் எல்லாம் மூன்றிலும் வரும். ஆனால் தீபாவளி, மகா சிவராத்திரி, பெரிய வெள்ளி இவை பொது விடுமுறையும் வங்கி விடுமுறையும்தான், வர்த்தக விடுமுறை இல்லை. அதாவது தீபாவளி அன்று அரச அலுவலகமும் வங்கியும் பூட்டு, கொழும்பில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கிற கம்பனி திறந்திருக்கலாம், வன்னியில் உங்கள் பொடியன் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டுக் கோயிலில் நிற்பான்.

ஆகவே யாருடைய விடுமுறை என்று கேட்டால், அந்த நேரத்தில் யார் கையில் வேலை இருக்கிறதோ அவருடையது. சாமான் கொழும்பில் இருந்து வரவேண்டிய வேலைகளில் இதை இரண்டு துண்டாக எண்ணுங்கள். 2025 ஒக்டோபர் 16, வியாழன் காலை ஒரு பம்புக்குச் சாமான் ஓடர் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். கம்பனி மூன்று வேலை நாளில் கைக்கு வரும் என்கிறது, அதற்குப் பிறகு உங்களுக்கு இரண்டு நாள் வேண்டும். தீபாவளி 20ஆம் தேதி, திங்கள். கம்பனி அன்று திறந்திருந்தால் 17 வெள்ளி ஒன்று, 20 திங்கள் இரண்டு, 21 செவ்வாய் மூன்று, சாமான் கையில். உங்கள் இரண்டு நாள் 22, 23, அப்படியானால் 23 வியாழன். கம்பனியும் பூட்டு என்றால் 17, 21, 22 என்று போய் உங்கள் நாள் 23, 24, அப்போது வெள்ளி. ஒரு போன் எடுத்துத் "தீபாவளிக்கு அனுப்புவீர்களா" என்று கேட்டால் தீர்ந்தது. கேட்க முடியாவிட்டால் 24 என்று சொல்லுங்கள்.

கலண்டரில் இல்லாத நாட்களும் எங்களுக்கு உண்டு. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் அன்று முல்லைத்தீவுப் பக்கம் எந்த வீட்டில் ஆள் இருப்பார்கள்? ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா, அந்தப் பக்கம் வேலை வைத்தால் போகிற வழியிலேயே பாதி நாள் போய்விடும். மே 18இல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி பில்டர் மாற்ற வந்தோம் என்று நிற்க உங்களுக்கே மனம் வராது. இவற்றையும் வருடத் தொடக்கத்தில் உங்கள் பட்டியலில் எழுதிவிடுங்கள். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பிறை பார்த்துத்தான் உறுதியாகும், ஆகவே அந்தக் கிழமையில் தேதி கொடுக்கும்போது ஒரு நாள் தள்ளியே கொடுங்கள். திடீர்க் கடையடைப்பை எந்தக் கணக்கிலும் முன்கூட்டிப் பிடிக்க முடியாது, தெரிந்த உடனே ஆளுக்கு போன் எடுத்துப் புதுத் தேதி சொல்லுவதுதான் ஒரே வழி.

கொப்பியை விட்டு எக்செலுக்கு வரப் போகிறீர்கள் என்றால் ஒரு சூத்திரம் போதும். A நிரலில் பதிவு நாள், H நிரலில் விடுமுறைப் பட்டியல்:

```
=WORKDAY(A2,5,$H$2:$H$30)
```

இது சனி, ஞாயிறு, H இல் இருக்கிற நாட்கள் எல்லாவற்றையும் விட்டு, A2 வுக்கு அடுத்த வேலை நாளில் இருந்து எண்ணும். விடை தேதியாக இல்லாமல் ஏதோ ஐந்து இலக்க எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் பெட்டியைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் சரி. சனியையும் வேலை நாளாக எண்ணுகிறவர்களுக்கு:

```
=WORKDAY.INTL(A2,5,11,$H$2:$H$30)
```

11 என்றால் ஞாயிறு மட்டும் ஓய்வு. A2 இல் போன் வந்த நாளைப் போடாதீர்கள், பதிவு நாளைப் போடுங்கள். நான் சொன்ன புதுக்குடியிருப்புக் கதையில் A2 மே 14. இதில் கவனமாக இல்லாவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். வெசாக் அன்று காலையில் போன் எடுத்தவருக்கு 12 என்றே போட்டால் சூத்திரம் 20ஆம் தேதியைக் கொடுக்கும், வெள்ளி பின்னேரமே எடுத்தவருக்கு 21. பிந்தி வந்தவர் முந்திப் போகிறார், அது ஊருக்குள் தெரிய வர எவ்வளவு நேரம் செல்லும்!

NETWORKDAYS என்று இன்னொன்று இருக்கிறது, இரண்டு தேதிக்கு நடுவில் எத்தனை வேலை நாள் என்று சொல்லும். பழைய வேலைகளைச் சரிபார்க்க நல்லது, ஆனால் அது இரண்டு முனையையும் சேர்த்து எண்ணும். மே 14இல் இருந்து 21 வரை கேட்டால் 6 என்று சொல்லும், ஒன்றைக் கழித்துப் பாருங்கள்.

கடைசியாக, H நிரலில் தேதி எழுதும்போது நடக்கிற ஒரு களவுப் பிழை. 12/05/2025 என்று வெசாக்கை அடித்தீர்கள், கணினி அமெரிக்க முறையில் இருந்தால் அதை டிசம்பர் 5 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கையும் வராது. வெசாக் அன்று வேலை நாள், டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காரணமில்லாமல் விடுமுறை. பக்கத்து நிரலில் இதைப் போட்டு ஒருமுறை மேலிருந்து கீழே கண்ணோட்டுங்கள்:

```
=TEXT(H2,"dddd dd mmmm")
```

வெசாக் வரிசையில் `Monday 12 May` என்று வந்தால் சரி. `Friday 05 December` என்று வந்தால் அந்த ஒன்றை மட்டும் திருத்தாமல் முழுப் பட்டியலையும் திரும்ப அடியுங்கள், ஏனென்றால் 12க்கு மேற்பட்ட நாட்கள் தேதியாகவே ஏறியிருக்காது.