வாரம் ஒருமுறை போடும் ஊசிப் பேனாவில், திருகும்போது கேட்கும் ‘கிளிக்’ சத்தத்தை எண்ணி டோஸ் வைக்கலாமா? லேபிளில் 30 டிகிரி என்று இருக்கிறதே, ஃப்ரிட்ஜ் அவசியமா?

கிளிக் எண்ணி வைக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர் என்றால் ஃப்ரிட்ஜ் அவசியம்.

நான் பாளையங்கோட்டையில் மருந்தாளுநராக இருப்பவன். டாக்டர் இல்லை. டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை, அதில் நான் தலையிடவில்லை. லேபிளை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். “யூடியூபில் எல்லாரும் கிளிக் எண்ணித்தானே போடுகிறார்கள்” என்று யாராவது வருவீர்கள். அவர்களுக்காகத்தான் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மதினிக்குச் சர்க்கரைக்காக செமாகுளுடைட் ஊசி, வாரத்துக்கு 0.25 மி.கி. முதல் பேனாவை அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்தான். லேபிளில் “2 மி.கி./3 மி.லி.” என்று இருந்தது. பேனாவின் சின்ன ஜன்னலில் தெரியும் டோஸ் எண் அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று, “37 கிளிக் எண்ணிக்கோங்கம்மா” என்று போனில் சொல்லிவிட்டான். அந்தப் பேனாவில் கணக்கு சரிதான். 74 கிளிக் வந்தால் 0.5 மி.கி., அதில் பாதி 0.25.

பேனா தீர்ந்தது. இங்கே ஒரு கடையில், “அந்த அளவு ஸ்டாக் இல்லை, 1 மி.கி. பேனா இருக்கு, இதிலேயே எண்ணிப் போட்டுக்கலாம் அக்கா” என்று கொடுத்துவிட்டார்கள். மதினியும் வழக்கம்போல 37 எண்ணிப் போட்டார். அந்தப் பேனாவின் லேபிளில் இருந்தது “4 மி.கி./3 மி.லி.”. அதில் 74 கிளிக் என்றால் 1 மி.கி., 37 கிளிக் 0.5 மி.கி. ஒரே எண்ணிக்கை, இரண்டு மடங்கு மருந்து. கிளிக் என்பது எவ்வளவு நீர் வெளியே வருகிறது என்பதன் அளவுதான். அந்த நீரில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்பது லேபிளில்தான் இருக்கிறது.

குமட்டல், வாந்தி, சோறு இறங்கவில்லை. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் அவதியும் சட்டென்று தீரவில்லை. கூடவே கிளிமிபிரைடு மாத்திரையும் உண்டு. சாப்பிடாமல் அதைப் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். டாக்டரிடம் பேசி அந்த மாத்திரையை நிறுத்திவைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தேற்றினோம்.

அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில், “ஊசி போட்டு அழகுக்கு மெலியுறாளாம்” என்று பின்னால் பேசினார்கள். சர்க்கரைக்குப் போடும் மருந்து அது. அடுத்தவர் உடம்பைப் பந்தியில் வைத்துப் பேசுகிறவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புதுப் பேனா கைக்கு வந்ததும் பழைய பேனாவைப் பக்கத்தில் வைத்து, எத்தனை மில்லியில் எத்தனை மி.கி. என்ற வரியை ஒப்பிடுங்கள். டோஸைத் திருகும்போது ஜன்னலில் உங்கள் எண் அம்புக்குறிக்கு நேரே நிற்க வேண்டும். அந்த எண்ணே இல்லாத பேனா உங்கள் டோஸுக்கானது இல்லை, திருப்பிக் கொடுங்கள். கண் தெரியாவிட்டால் கூட இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 30 டிகிரி. திறக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி, அதாவது ஃப்ரிட்ஜ். திறந்ததை 30 டிகிரிக்குள் வெளியே வைக்கலாம் என்றுதான் லேபிள் சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வீட்டுக்குள் மத்தியானம் 30-க்குள் எங்கே நிற்கிறது? திறந்த பேனாவும் ஊசியைக் கழற்றி, மூடி போட்டு, ஃப்ரிட்ஜுக்கே போகட்டும். நடுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே வேண்டாம், அங்கே உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த பேனா திரும்ப இளகித் தெளிவாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். பஸ்ஸில் கொண்டுபோகும்போதும் ஐஸ் பேனாவை நேராகத் தொடக்கூடாது, நடுவில் ஒரு துண்டு சுற்றுங்கள்.

லேபிளில் அச்சடித்த காலாவதித் தேதி திறக்காமல் ஃப்ரிட்ஜில் இருக்கும் பேனாவுக்கு. திறந்த பிறகு வேறு கெடு: செமாகுளுடைட்டில் ஒரு நாட்டு லேபிளில் 56 நாள், இன்னொன்றில் 6 வாரம், இதேபோல வாரம் ஒருமுறை போடும் இன்னொரு மருந்தான டிர்செபடைட்டின் நான்கு டோஸ் பேனாவில் 30 நாள். உங்கள் பெட்டியில் இருக்கும் கெடு எதுவோ அதுதான் உங்களுக்கு. முதல் ஊசி போட்ட தேதியை அந்தப் பெட்டி மேலேயே எழுதி வையுங்கள்.