மூலம், விரல் பரிசோதனை: ஓர் அறுவை மருத்துவரின் பதில்கள்

மூணு மாசமா மலம் போகும்போது ரத்தம் வருது. டாக்டரிடம் போனேன், வாயே வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

எழுந்து கதவு வரை போய்விட்டு, "இன்னொரு விஷயம் டாக்டர்" என்று திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இன்னொரு விஷயம் பெரும்பாலும் இதுதான்.

நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "மூன்று மாதமாக மலம் போகும்போது ரத்தம் வருகிறது, சிவப்பாகச் சொட்டுகிறது, வலி இல்லை." உட்கார்ந்ததும் இதுதான் முதல் பேச்சாக இருக்கட்டும். வாய் வராவிட்டால் தாளில் எழுதி நீட்டுங்கள். அதற்கு மேல் கேட்பது எங்கள் வேலை. ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா, சதை வெளியே பிதுங்குகிறதா, தானாக உள்ளே போகிறதா என்று கேட்போம். ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும்.

உடுப்பை முழுசாக் கழற்றணுமா? வலிக்குமா? நான் பெண், பார்ப்பவர் ஆண் டாக்டர். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இடுப்புக்குக் கீழே தளர்த்தினால் போதும், மேலே துணி போர்த்திவிடுவார்கள். செவிலியர் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. பெண் மருத்துவரையும் கேட்கலாம்.

இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மார்பு நோக்கி மடக்கிப் படுப்பீர்கள். முகம் சுவரைப் பார்த்திருக்கும் என்பதே பலருக்குப் பெரிய நிம்மதி. முதலில் கண்ணால்தான் பார்ப்போம். வெடிப்பு, வெளிமூலம், தொங்கும் தோல் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் உறை போட்ட ஆள்காட்டி விரலில் ஜெல் தடவி, ஆசனவாயில் சிறிது நேரம் அழுத்திவைப்போம். தசை தானாகத் தளரும்போதுதான் விரல் உள்ளே போகும். அந்த நேரம் வாயால் மெதுவாக மூச்சுவிடுங்கள். சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டு, விரலை இறுக்கச் சொல்வோம், முக்கச் சொல்வோம். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு.

மலம் வந்துவிடும்போல இருக்கும். அது விரலின் அழுத்தம், வராது. அழுத்தமாக உணர்வீர்கள், கூர்மையான வலி இருக்கக்கூடாது. வலித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள்.

விரல் விட்டாலே மூலம் தெரிந்துவிடும் என்று படித்திருக்கிறேன். எனக்குப் பார்த்துவிட்டு 'ஒன்றும் தட்டுப்படவில்லை' என்றார். அப்போ மூலம் இல்லைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. உள்மூலம் என்பது ரத்தம் நிறைந்த மெத்தென்ற திசு. விரல் பட்டதும் அமுங்கிவிடும், அதனால் பெரும்பாலும் தட்டுப்படாது. அதைப் பார்க்க புராக்டோஸ்கோப் என்ற சின்னக் குழாயை விட்டு, வெளிச்சத்தில் நோக்கவேண்டும். பின் எதற்கு விரல்? கெட்டியான கட்டி, புண் போன்ற வேறு ஏதாவது இருக்கிறதா என்று அறியத்தான். 'தட்டுப்படவில்லை' என்றால் விரல் எட்டிய தூரத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அது பதில் இல்லை.

பரிசோதனையெல்லாம் எதற்கு சார்? எனக்கு மூலம்தான், நானே கண்டுபிடித்துவிட்டேன். போகும்போது கண்ணாடித்துண்டு கிழிப்பது போல வலி, அப்புறம் இரண்டு மணி நேரம் எரிச்சல். ஆறு மாசமா மூலக் களிம்பு போடுகிறேன். எது நல்ல களிம்பு?

பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது மூலத்தை விட ஆசனவாய் வெடிப்பைப் போல இருக்கிறது. உள்மூலம் பொதுவாக வலியில்லாமல் ரத்தம் விடும். ரத்தம் உறைந்தாலோ, பிதுங்கிச் சிக்கிக்கொண்டாலோதான் கடுமையாக வலிக்கும்.

வெடிப்புதான் என்றால், உங்களுக்கு அன்றைக்கு விரலே விடாமல் இருக்கலாம். இரு பக்கமும் மெல்ல விலக்கிப் பார்த்தாலே கீறல் தெரியும். இறுகிப்போன தசையைத் தளர்த்தும் களிம்பு வேறு, அதை மருத்துவர் எழுதித் தரவேண்டும். மலமும் இளகிப் போகவேண்டும். ஆற ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கலாம். வலி அடங்கியதும் விட்டுப்போன விரல் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஆறு மாதம் தவறான களிம்பு போட்டதற்குக் காரணம் கூச்சம்தான் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவுக்கு 62 வயது. விரல், குழாய் இரண்டும் பார்த்து மூலம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறமும் கொலனோஸ்கோப்பி எடு என்கிறார்கள். பணம் பிடுங்கவா?

இல்லை. கொலனோஸ்கோப்பி என்றால் கேமரா வைத்த நீண்ட குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. விரல் எட்டுவது ஏழெட்டு சென்டிமீட்டர், பெருங்குடலோ சுமார் ஒன்றரை மீட்டர். மூலம் இருப்பவருக்கு மேலே வேறொன்றும் இருக்கலாம். இந்த வயதில் ரத்தம் வந்தால் நானும் அதையே சொல்வேன். முப்பது வயதுக்காரருக்கு, மூலம் தெளிவாகத் தெரியும்போது தேவையா என்றால், அதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எடை குறைவு, ரத்தசோகை, மலம் போகும் வழக்கத்தில் மாற்றம், குடும்பத்தில் குடல் புற்று இருந்தால் மட்டும் தயங்கமாட்டேன்.

முதல் கேள்வி கேட்டவன்தான். நாளைக்குப் போகிறேன். எனிமா எடுக்கணுமா? போய்ச் சொன்னதும் பார்க்காமலே மாத்திரை எழுதிவிட்டால்?

எனிமா வேண்டாம், வழக்கம்போலக் குளித்துவிட்டுப் போங்கள். பார்க்காமல் எழுதினால், "ஒருமுறை பார்த்துவிடலாமே டாக்டர்?" என்று கேளுங்கள்.