'வா' வேறு, 'கா' வேறு: பேசுபொருளும் எழுவாயும்

கேள்வி: ஆறு மாதமாக ஜப்பானிய மொழி கற்கிறேன். பாடநூல் 'வா', 'கா' இரண்டையும் எழுவாய்க்குப் பின் வருவன என்கிறது. அப்படியானால் 'ஸோ வா ஹனா கா நகாய்' (யானைக்குத் துதிக்கை நீளம்) என்பதில் இரண்டு எழுவாய்களா? 'யார் வந்தது?' என்பதற்கு 'தாரே வா கிதா' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டு, பழகப் பழக வரும் என்றார். எதை எங்கே போடுவது என்று எப்படித் தீர்மானிப்பது?

பதில்: அந்த வாக்கியத்தில் எழுவாய் ஒன்றே, அது 'ஹனா', அதாவது துதிக்கை. 'நகாய்' (நீளமானது) என்ற பயனிலை எதன் தன்மையைச் சொல்கிறதோ அதுவே எழுவாய், அதன் பின்னால்தான் 'கா' நிற்கிறது. ('காந்தி' என்பதில் வரும் ஒலியோடு அதைப் படியுங்கள்.) 'ஸோ', அதாவது யானை, எழுவாய் அன்று, பேசுபொருள். 'யானையைப் பற்றிச் சொல்லப்போகிறேன்' என்று முதலில் அறிவித்துவிட்டு, அதன் பிறகு 'துதிக்கை நீளம்' என்ற முழு வாக்கியத்தைச் சொல்வதாக இதை எண்ணிப் பாருங்கள். நாம் யானைக்கு நான்காம் வேற்றுமை கொடுத்து 'யானைக்கு' என்கிறோம்; ஜப்பானியர் அந்த இடத்தில் 'வா' போடுகிறார்கள். தமிழிலும் 'யானைக்கு' என்பதை யாரும் எழுவாய் என்று சொல்லமாட்டோம் அல்லவா?

உங்கள் குழப்பத்திற்குப் பெரும்பாலும் காரணம், 'வா'வையும் 'கா'வையும் ஒரே இடத்திற்குப் போட்டியிடும் இரண்டு உருபுகளாகப் பாடநூல் காட்டியதுதான். 'கா' பயனிலையோடு உறவுடைய வேற்றுமை உருபு. 'வா' வேற்றுமையையே காட்டுவதில்லை; இந்த வாக்கியம் எதைப் பற்றியது என்பதை மட்டும் காட்டுகிறது. அதனால்தான் அது செயப்படுபொருளின் மீதும் ஏறுகிறது. 'கோனோ ஹோன் வா வதாஷி கா யோந்தா' என்றால், 'இந்தப் புத்தகத்தை நான் படித்தேன்' என்று பொருள். புத்தகம் படிக்கப்பட்டது, படித்தவர் நான். ஆயினும் 'வா' புத்தகத்தின் பின்னால் நிற்கிறது. 'கா'வும் செயப்படுபொருள் உருபான 'ஓ'வும் இருக்க வேண்டிய இடத்தில் 'வா' வந்தால் அவை மறைந்துவிடும். இடத்தையோ திசையையோ குறிக்கும் 'நி', 'தே', 'கரா' போன்றவை மறையாமல், அவற்றின் மேல் 'வா' ஒட்டிக்கொள்ளும். எழுவாய் உருபாக இருந்தால் அது இப்படி எங்கும் ஏறி உட்கார முடியாது.

இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு 1976இல் சார்லஸ் லீ, சாண்ட்ரா தாம்ப்சன் என்னும் இரு மொழியியலாளர்கள் மொழிகளை வகைப்படுத்தினார்கள். ஆங்கிலம் எழுவாய் முதன்மை கொண்ட மொழி. மழை பெய்வதைச் சொல்வதற்குக்கூடப் பொருளற்ற ஒரு 'அது'வை எழுவாயாக நிறுத்தியாக வேண்டும். சீனம், லாஹு, லிசு ஆகியவை பேசுபொருள் முதன்மை கொண்டவை. சீனத்தில் 'அந்தத் தீ, நல்ல வேளையாகத் தீயணைப்புப் படை விரைவாக வந்தது' என்று சொன்னால் அது குறையற்ற வாக்கியம். வந்தது படை, தீக்கும் 'வந்தது' என்ற வினைக்கும் இலக்கண உறவே இல்லை, ஆயினும் பேச்சு தீயைப் பற்றியது. என் பார்வையில், பேசுபொருளையும் எழுவாயையும் பிரித்துக் காட்ட இதைவிடத் தெளிவான வாக்கியம் இல்லை. ஜப்பானியத்தையும் கொரியத்தையும் அவர்கள் இரண்டு தன்மைகளும் வலுவாக உள்ள வகையில் வைத்தார்கள். ஆகவேதான் ஜப்பானியத்தில் தனித்தனியாக இரண்டு குறிகளைக் காண்கிறீர்கள்.

தமிழர் இங்கே தடுமாறுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம் வினைமுற்று எழுவாயைக் காட்டிக்கொடுத்துவிடும். 'இந்தப் புத்தகம் நான் படித்தேன்' என்று பேச்சில் உருபை விட்டுவிட்டாலும், '-ஏன்' என்ற விகுதி எழுவாய் 'நான்' என்பதைச் சொல்லிவிடுகிறது. ஜப்பானிய வினையில் திணை, பால், எண், இடம் எதையும் காட்டும் விகுதி இல்லை. ஆகவே நாம் வாக்கியத்தின் முதலில் நிற்கும் சொல்லை எழுவாய் என்று எடுத்துக்கொள்கிறோம்; ஆனால் அங்கே பெரும்பாலும் நிற்பது பேசுபொருள்.

இனி உங்கள் 'தாரே வா கிதா'. பேசுபொருளாக இருக்க வேண்டுமானால், அது எது என்று கேட்பவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'யார்' என்பது தெரியாததைக் கேட்கும் சொல். தெரியாத ஒன்றைப் 'பற்றி' எதுவும் சொல்ல முடியாது. எனவே எழுவாயாக வரும் வினாச்சொல்லின் பின் 'கா'தான் வரும்: 'தாரே கா கிதா'. விடையிலும் அதே 'கா' தொடரும்: 'ஸென்ஸேய் கா கிதா', அதாவது 'ஆசிரியர்தான் வந்தார்'. ஆசிரியரைப் பற்றி ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும்போது 'அவர் என்ன ஆனார்?' என்று ஒருவர் கேட்டால், அதே செய்தி 'ஸென்ஸேய் வா கிதா' ஆகிவிடும். ஆகவே எழுதுமுன், இந்த வாக்கியம் எந்தக் கேள்விக்கு விடை என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 'யார், எது' என்ற கேள்விக்கு விடையாகும் எழுவாய்க்குக் 'கா'. 'அவர் என்ன செய்தார், அது எப்படிப்பட்டது' என்ற கேள்விக்கு விடையானால் அந்த 'அவரு'க்கும் 'அது'வுக்கும் 'வா'.

நம் 'தான்' இதற்கு நல்ல துணை, ஆனால் அதை முழுவதும் நம்பக்கூடாது. கண்ணெதிரே நடப்பதை அப்படியே சொல்லும் வாக்கியத்திலும் 'கா' வரும்; சன்னலைத் திறந்து பார்த்து 'மழை பெய்கிறது' என்று சொல்ல 'அமே கா ஃபுத்தே இரு' என்பார்கள். இங்கே 'தான்' பொருந்தாது. இதே இடத்தில் 'அமே வா' என்று சொல்லிவிட்டால், 'மழை என்னவோ பெய்கிறது, ஆனால்...' என்று கேட்பவர் அடுத்த பாதிக்குக் காத்திருப்பார். ஏனெனில் 'வா' அங்கே இன்னொன்றோடு ஒப்பிடும் பொருளைத் தந்துவிடுகிறது. நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் இப்படிக் காத்திருந்தால், 'வா' இடம் தவறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இறுதியாக, நீண்ட வாக்கியங்களில் உதவும் ஒரு சோதனை. 'சிச்சி வா இயே நி கயேரு தோ, சுகு நேரு' என்றால், தந்தை வீடு திரும்பியதும் உடனே உறங்கிவிடுவார். திரும்புவதும் உறங்குவதும் அவரே. ஒரே எழுத்தை மாற்றி 'சிச்சி கா' என்றால், தந்தை வீடு திரும்பியதும் வேறு யாரோ, பெரும்பாலும் பேசுபவர், உறங்கிவிடுகிறார் என்றாகிவிடும். 'கா' தனக்கு அருகிலுள்ள 'கயேரு' என்ற வினையோடு நின்றுவிடுகிறது. 'வா' அதைத் தாண்டி வாக்கியத்தின் கடைசி வினை வரை செல்கிறது. பெயரெச்சத் தொடர்களில் 'கா' வருவதும் இதனால்தான்: 'நான் வாங்கிய புத்தகம்' என்பது 'வதாஷி கா கத்தா ஹோன்'. உங்கள் பயிற்சி ஏட்டில் இரண்டு வினைகள் உள்ள வாக்கியங்களை எடுத்து, கடைசி வினையைச் செய்தவர் யார் என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். அவரே 'வா'வுக்கு முன் நிற்பவராக இல்லாத இடங்களில்தான் உங்கள் பிழைகளில் பெரும்பாலானவை இருக்கும்.