அண்ணனுக்கு ஏன் 2/3?

கேள்வி: பெடிக்ரீ சார்ட்டில் அப்பா, அம்மா இருவருக்கும் நோய் இல்லை. மகளுக்கு நோய் இருக்கிறது, அவள் அண்ணனுக்கு இல்லை. அந்த அண்ணன், கேரியர் என்று தெரிந்த ஒரு பெண்ணை மணக்கிறான். முதல் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு எவ்வளவு? எனக்கு 1/8 வருகிறது, விடைக்குறிப்பில் 1/6 என்று இருக்கிறது. இது எக்ஸ் குரோமோசோம் வழி வரும் நோயாக இருக்கக் கூடாதா? நீட் தேர்வுக்குப் படிக்கிறேன்.

பதில்: விடைக்குறிப்பு சரிதான். அண்ணன் கேரியராக இருக்க 1/2 வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டு, அதை 1/4-ஆல் பெருக்கியிருப்பீர்கள். அந்த 1/2-தான் தவறு. ஆனால் முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நோய் எந்த வழியில் வருகிறது என்று முடிவாகாமல் புன்னட் கட்டம் போட்டால், போட்டதெல்லாம் வீண்.

நோயில்லாத பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளை பிறந்திருக்கிறது. அப்படியானால் நோய்க்கான அல்லீல் பெற்றோரிடம் மறைந்து இருந்திருக்க வேண்டும். எனவே இது ஒடுங்கு பண்பு. அடுத்து, நிழலிட்ட குறி வட்டமா சதுரமா என்று பாருங்கள். இங்கே அது வட்டம், அதாவது பெண். எக்ஸ் வழி ஒடுங்கு நோய் ஒரு பெண்ணுக்கு வர, அவளுடைய இரண்டு எக்ஸிலும் குறை இருக்க வேண்டும். அதில் ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு இருப்பதே ஒரு எக்ஸ்தான். அதில் குறை இருந்தால் அவருக்கே நோய் வந்திருக்கும். அவர் நலமாக இருக்கிறார். ஆகவே எக்ஸ் வழி அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது உடற்குரோமோசோம் வழி ஒடுங்கு நோய். தலசீமியா இந்த வகைதான்.

அந்த ஒரு வட்டம் மட்டும் சதுரமாக இருந்திருந்தால், இந்தச் சார்ட்டை வைத்து எக்ஸ் வழியை விலக்கவே முடியாது. நோயுள்ள மகன், நலமான பெற்றோர் என்ற படம் ஹீமோஃபிலியாவுக்கும் பொருந்தும், தலசீமியாவுக்கும் பொருந்தும். அவசரத்தில் பலர் குறியின் வடிவத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி அண்ணனுக்கு வருவோம். மகளுக்கு நோய் இருப்பதால் பெற்றோர் இருவருமே Aa. இது ஊகமில்லை, உறுதி. தாளில் கட்டம் போடுங்கள்:

```
        A     a
   A    AA    Aa
   a    Aa    aa
```

நான்கில் இரண்டு Aa என்பதால் 1/2 என்று எழுதிவிட்டீர்கள். ஆனால் இன்னும் பிறக்காத குழந்தைக்குத்தான் நான்கு பெட்டிகளும் பொருந்தும். அண்ணன் பிறந்து, வளர்ந்து, நோயில்லாதவன் என்று தெரிந்தும் விட்டது. அவன் aa பெட்டியில் இருக்க வழியே இல்லை. பென்சிலால் அந்தப் பெட்டியைக் குறுக்கே அடித்துவிடுங்கள். மிச்சம் மூன்று பெட்டிகள், அவற்றில் இரண்டு Aa. எனவே அவன் கேரியராக இருக்க வாய்ப்பு 2/3. அந்தப் பெட்டியைக் கையாலேயே குறுக்கே அடிக்கும்படி என் மாணவர்களிடம் சொல்வேன். மனதுக்குள் அடித்தவர்கள் அடுத்த கணக்கில் மறுபடியும் 1/2 எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

மனைவி கேரியர் என்பது தெரிந்த செய்தி, எனவே அவள் பங்கு 1. இருவரும் கேரியர் என்றால் குழந்தை aa ஆக 1/4. ஆக,

```
2/3 × 1 × 1/4 = 1/6
```

நோய் வெளிப்படும் வயதையும் பாருங்கள். நடுவயதில் வெளிப்படும் நோயாக இருந்து, அண்ணனுக்கு இன்னும் இருபது வயது என்றால், "நோயில்லை" என்ற செய்தியை நம்பி aa பெட்டியை அடிக்க முடியாது. பீட்டா தலசீமியாவின் கடுமையான வகை பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள்ளேயே தெரிந்துவிடும் என்பதால் அங்கே தாராளமாக அடிக்கலாம். நிஜ வாழ்க்கையில் இந்த அண்ணன் 2/3-ஐ வைத்துக்கொண்டு கவலைப்பட வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் ஏ2 அளவு பார்க்கும் இரத்தப் பரிசோதனை, அவன் பீட்டா தலசீமியா கேரியரா இல்லையா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். கேரியர் என்று உறுதியானால் வாய்ப்பு 1/4. இல்லை என்று உறுதியானால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இதே கணக்கைத் தேர்வில் இரண்டு விதமாகத் திருப்பிக் கேட்பார்கள். "முதல் குழந்தை நோயுள்ள ஆண் குழந்தையாக இருக்க" என்றால் ஆண் என்பதற்கும் 1/2 பெருக்க வேண்டும், விடை 1/12. "பிறந்த ஆண் குழந்தைக்கு நோய் இருக்க" என்றால் ஆண் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது, விடை 1/6-தான். இரண்டாவது விதம்: "முதல் குழந்தைக்கு நோய் இருக்கிறது, அடுத்த குழந்தைக்கு?" என்று கேட்பது. அந்த முதல் குழந்தையே அண்ணன் Aa என்று காட்டிக் கொடுத்துவிட்டது. 2/3 இருந்த இடத்தில் 1 வரும், விடை 1/4.