படத்தில் க்ரீம், சுவரில் சாம்பல்

"பழைய சுவர் பெயின்டைப் போட்டோ எடுத்துப் பார்த்தால் க்ரீம் மேட் மாதிரி இருக்கிறது. அதையே வாங்கிப் பூசினால் திட்டாகத் தெரிகிறது. ஏன்?"

படத்தில் இருக்கும் மஞ்சள் பெரும்பாலும் பல்பினுடையது, சுவருடையது அல்ல. 2700K பல்பின் மஞ்சள் வெளிச்சத்தை கேமரா பாதிதான் சரிசெய்யும். வெளிர் சாம்பல்கூட க்ரீமாக வந்துவிடும்.

சோதிக்க ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, பல்பை அணைத்து, நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். படத்தில் தாளும் மஞ்சளாகத் தெரிந்தால் அந்த நிறத்தை நம்ப வேண்டாம்.

ஃபினிஷ் வேறு கதை. நேர் எதிரே நின்று எடுத்தால் லேசாகப் பளபளக்கும் சாட்டினும் பளபளப்பில்லாத மேட் போலவே தெரியும், ஏனென்றால் பளபளப்பு கேமராவுக்கு வராமல் வேறு பக்கம் போய்விடுகிறது. சுவரை ஒட்டி நின்று, ஜன்னல் இருக்கும் திசையில் சாய்வாகப் பாருங்கள். ஜன்னல் மங்கலாகப் பிரதிபலித்தால் அநேகமாக சாட்டின். (மிகவும் சாய்வாகப் பார்த்தால் மேட்டும் லேசாக மினுங்கும், அதில் ஏமாற வேண்டாம்.) ஷேட் சரியாக இருந்தும் ஃபினிஷ் மாறினால் திட்டுத் தெரியத்தான் செய்யும்.

இதெல்லாம் செய்தாலும் படத்தை வைத்து ஷேட் எண்ணை உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பெயின்டையும் நம்பாதீர்கள். அது வெளுக்காமல் இருக்கும். வெளியே தெரியும் பகுதியிலிருந்து ஒரு சில்லுப் பெயர்த்து ஷேட் கார்டோடு வைத்துப் பாருங்கள்.