80 கிலோ அலுமாரியைச் சீமெந்துக் கல் சுவரில் தொங்கவிடுவது எப்படி?

கேள்வி: ஐயா, மாங்குளத்தில் சின்ன மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். 4 அடி அகலம், இரண்டரை அடி உயரம், ஓரடி ஆழத்தில் ஒரு ஆயுத அலுமாரி அடித்திருக்கிறேன், 18 மி.மீ. பிளைவுட். பிரெஞ்ச் கிளீட், அதாவது சாய்வாக வெட்டி ஒன்றில் ஒன்று கொளுவும் இரண்டு பட்டி, போட்டுச் சுவரில் தொங்கவிட விருப்பம். சாய்வு 45 பாகைதான் வேணுமா, 30 போதுமா? சுவர் 6 அங்குலச் சீமெந்துக் கல், உள்பக்கம் மட்டும் பூசினது. பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் தாங்குமா? ஒருத்தர் தாங்கும் என்கிறார், இன்னொருத்தர் சுவரோடு வரும் என்கிறார்.

பதில்: முதலில் பாரத்தைப் பார்த்துவிடுவோம். நீங்கள் சொன்ன அளவுக்குக் கதவு, ஒரு தட்டு எல்லாம் சேர்த்தால் இரண்டரைச் சதுர மீற்றர் பிளைவுட் போகும். 18 மி.மீ. பிளைவுட் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 11, 12 கிலோ இருக்கும். ஆகவே வெறும் அலுமாரியே 30 கிலோ. சீவுளிகள், டிரில், ஆணி டின்கள் என்று 50 கிலோவாவது உள்ளே ஏறும். மொத்தம் 80 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 80 கிலோ கீழ்நோக்கி மட்டும் இழுத்தால் கவலையே இல்லை. அலுமாரியின் பாரம் சுவரிலிருந்து சுமார் 7 அங்குலம் வெளியே தள்ளி நிற்கிறது. அதனால் மேல்பக்கம் சுவரை விட்டு வெளியே சாயப் பார்க்கும், கீழ்ப்பக்கம் சுவரில் போய் அழுத்தும். மேலே பட்டி, அதற்கு 25 அங்குலம் கீழே சுவரைத் தொடும் கட்டை என்றால், வெளியே இழுக்கும் விசை 80 × 7 ÷ 25, அதாவது 22 கிலோ அளவு. இதே பாரத்தை ஓரடி உயரப் பெட்டியில் அடைத்திருந்தால் அந்த இழுவை 70 கிலோவுக்கு ஏறியிருக்கும். உங்கள் அலுமாரி உயரமாக இருப்பது உங்களுக்கு நல்லது.

இனிச் சாய்வு. சாய்வு கூடக்கூட ஆப்பு மாதிரி வேலை செய்யும்: அலுமாரியைச் சுவரோடு இறுக்கும், அதே நேரம் சுவரில் உள்ள பட்டியை வெளியே நெம்பும். 45 பாகையில், உராய்வே இல்லை என்று வைத்தால், கீழே இறங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோ வெளியே தள்ளும். பிளைவுட்டின் உராய்வு அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும், ஆகவே பயப்பட வேண்டாம். 30 பாகையில் நெம்பு குறைவு, நுனியும் மொத்தமாக இருக்கும். ஆனால் 18 மி.மீ. பலகையில் கொக்கி விழும் ஆழம் 10 மி.மீ. தான் கிடைக்கும். 45 இல் முழு 18 மி.மீ. கிடைக்கும். பட்டறையில் நீட்டுப் பலகையைத் திருப்பும்போது அதன் முனை அலுமாரியின் அடியில் இடித்து மேலே தூக்குவது நடக்கிற காரியம். 10 மி.மீ. தூக்கினாலே கழன்றுவிடும் என்றால் நான் அதன் கீழே நின்று வேலை செய்ய மாட்டேன். 45 போடுங்கள். 60 பாகை மாதிரிச் செங்குத்தாகப் போகவே வேண்டாம், அங்கே உராய்வையும் மீறி நெம்பு கூடிவிடும்.

வெட்டுவதற்கு 8 அங்குல அகலம், 4 அடிக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஒரு துண்டு எடுங்கள். மேல்தாளின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். ஓரத்தைப் பார்த்து, அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அந்தத் துண்டு இந்த வேலைக்கு ஆகாது. வாளை 45 பாகைக்குச் சாய்த்து, நேர்க்கட்டை ஒன்றைக் கிளாம்ப் பண்ணி, நடுவால் ஒரே வெட்டு. இரண்டு பட்டியும் அந்த ஒரே வெட்டில் வந்துவிடும். சாய்த்த வாள் நேரே வைத்ததை விட ஆழமாக இறங்க வேண்டும்: 18 மி.மீ. பலகைக்குச் சாய்வில் இருபத்தைந்தரை மி.மீ. தேவை. அப்புறம் இரண்டு பட்டியின் கத்தி முனையையும் சீவுளியால் 2, 3 மி.மீ. மழுக்கிவிடுங்கள். மழுக்காவிட்டால் முனை பள்ளத்தின் அடியில் கிடக்கும் சாந்துத் துணுக்கில் போய் முட்டி நிற்கும். அலுமாரி சாய்வில் உட்காராமல் முனையில் நிற்கும், ஆடும்.

எது எந்தப் பக்கம் என்று பலர் குழம்புவார்கள். இரண்டு பட்டிக்கும் ஒரே விதிதான்: ஒவ்வொரு பட்டியிலும் ஒரு முகம் அகலம், ஒரு முகம் ஒடுக்கம். ஒடுக்கமான முகம் எதில் பூட்டுகிறோமோ அதைப் பார்க்க வேண்டும். சுவர்ப் பட்டியின் ஒடுக்க முகம் சுவரில், சாய்வு மேலே. அலுமாரிப் பட்டியின் ஒடுக்க முகம் அலுமாரியின் முதுகில், சாய்வு கீழே. அப்போது சுவருக்கும் பட்டிக்கும் இடையில் ஒரு பள்ளம் தெரியும், அலுமாரிப் பட்டி அதற்குள் இறங்கும்.

சரி, உங்கள் நண்பர்கள் சண்டை போடும் இடத்துக்கு வருவோம். இரண்டு பேரும் ஒரு விதத்தில் சரி. கல் நல்ல கல்லாக இருந்தால் 10 மி.மீ. பிளக்கும் 100 மி.மீ. ஸ்க்ரூவும் இந்தப் பாரத்தைத் தாங்கும். ஆனால் எங்கள் பக்கத்துச் சீமெந்துக் கல்லை நம்பி அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொருவர் அரிந்த கல்லும் ஒவ்வொரு தரம். சீமெந்து குறைத்து, தண்ணீர் விட்டு ஆறவிடாமல் எடுத்த கல் டிரில்லுக்கு மணல் போலக் கொட்டும். அலுமாரி மறைக்கப் போகும் இடத்தில் 6 மி.மீ. பிட்டால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். ஹாமர் போட்டும் மெதுவாக இறங்கி, சாம்பல் நிறத் தூள் மாவாக வந்தால் நல்ல கல். ஹாமர் இல்லாமலே இறங்கினாலோ, நடுவழியில் பிட் வெறுமைக்குள் பாய்ந்தாலோ பிளக்கை மறந்துவிடுங்கள். இறுகும்போது விரியும் ஏங்கர் போல்ட்டும் அந்தக் கல்லுக்கு ஆகாது. விரிந்து கல்லையே வெடிக்க வைக்கும்.

உங்கள் சுவர் வெளிப்பக்கம் பூசாதது. அது பெரிய வசதி, கல்லின் பொருத்து எங்கே இருக்கிறது என்று கண்ணாலே தெரியும். ஆகவே கல் எப்படி இருந்தாலும் சுவரை ஊடுருவிப் போல்ட் போடுவதைத்தான் நான் சொல்லுவேன். வெல்டிங் கடையில் 10 மி.மீ. மரை வெட்டிய கம்பியில் 9 அங்குலத் துண்டுகள் நாலு வெட்டி, ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் 2 அங்குலச் சதுரம், 3 மி.மீ. தடிப்புத் தகடு ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். முகப்பில் வெல்டிங் துருத்தாமல் அரைத்துத் தரச் சொல்லுங்கள். சுவர்ப் பட்டியில் அந்தத் தகடு அமிழ 4 மி.மீ. ஆழத்துக்கு உளியால் தோண்டுங்கள். இதை விட்டுவிட்டால் தகடு வெளியே துருத்தி அலுமாரியின் முதுகில் இடிக்கும், அலுமாரி பட்டியில் முழுதாக உட்காராது. சாதாரண நட்டும் வாசரும் போட்டவர்களுக்கு நடப்பது இதுதான், அவர்கள் சாய்வைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

துளைகள் பட்டியின் மேல்விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே வரட்டும். பட்டி தன் கீழ்விளிம்பில் ஊன்றி மேலே விரியப் பார்க்கும், அதனால் போல்ட் மேலே இருந்தால்தான் பிடி கூடும். இரு முனையிலிருந்தும் 4 அங்குலம் தள்ளி ஒவ்வொன்று, நடுவில் இரண்டு. செங்குத்துப் பொருத்து ஏதாவது குறுக்கிட்டால் இரண்டு அங்குலம் நகர்த்துங்கள், அந்தப் பொருத்துகளில் சாந்து முழுதாக நிரம்பியிருப்பது அரிது. முதலில் 6 மி.மீ. பிட்டை ஊடுருவ விட்டு எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். பிறகு 12 மி.மீ. பிட், கடைசி ஓர் அங்குலத்தில் ஹாமரை நிறுத்தி. இல்லாவிட்டால் வெளிப்பக்கம் கல் தேங்காய்ச் சிரட்டை அளவு பெயர்ந்து விழும். துளை வெளிப்பக்கமாக மெல்லச் சரியட்டும், வாடைக்காற்று மழை கம்பி வழியே உள்ளே வராது. வெளியே 4 அங்குலச் சதுரம், 5 மி.மீ. தகடு, அடியில் சிலிக்கோன், மேலே துருத்தடுப்புப் பூச்சு. நட்டை ரென்ச்சில் தொங்கி இறுக்காதீர்கள், உள்ளே வெற்றிடமுள்ள கல்லாக இருந்தால் முகம் நொறுங்கும். தகடு அசையாமல் நின்றதும் கால் சுற்று, அவ்வளவுதான்.

அலுமாரியின் மேல்விளிம்பு 7 அடிக்கு மேல் போகலாம் என்றால் இன்னொரு வழி உண்டு. கதவு நிலை மேலே ஓடும் கொங்கிறீற் லிண்டல் அந்தச் சுவரிலும் தொடர்ந்து வருகிறதா என்று வெளியே பாருங்கள். வந்தால் அதில் 10 மி.மீ. ஏங்கர் போல்ட் போட்டால் போதும், ஊடுருவத் தேவையில்லை. பிட் கம்பியில் இடித்தால் அடித்துக்கொண்டிருக்காமல் 2 அங்குலம் தள்ளிப் போடுங்கள். போல்ட் தலை அமிழ வேண்டும் என்பது இங்கேயும் உண்டு.

பூசிய சுவர் நேராக இருப்பதில்லை. பட்டியை வைத்துப் போல்ட்டை இறுக்கினால் பட்டி சுவரின் வளைவுக்கு வளைந்துவிடும், பிறகு அலுமாரி இரண்டு இடத்தில் மட்டும்தான் தொடும். போல்ட் வரும் இடத்தில் தகரத் துண்டு வைத்து நிரவி, ரசமட்டம் பார்த்து இறுக்குங்கள். அதன் பின் சுவர்ப் பட்டியின் சாய்வு முழுக்க வெண்கட்டி தேய்த்து, வெறும் அலுமாரியைத் தொங்கவிட்டு, மெல்லத் தூக்கி எடுத்து, மறுபட்டியில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். நீளத்தில் முக்கால்வாசி வெள்ளை பட்டிருந்தால் போதும். நடுவில் மட்டும் அல்லது முனைகளில் மட்டும் பட்டிருந்தால் தகரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

அலுமாரிப் பக்கம் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதுகுப் பலகை 6 மி.மீ. ஆக இருந்தால் பட்டியை அதில் மட்டும் பூட்டாதீர்கள், முதுகு உரிந்து வரும். உள்ளே மேல்பக்கம், இரு பக்கப் பலகைக்கும் நடுவே, 18 மி.மீ. கட்டை ஒன்று 4 அங்குல அகலத்தில் பசை போட்டு, பக்கத்துக்கு மூன்று 50 மி.மீ. ஸ்க்ரூவாக இறுக்குங்கள். பட்டியிலிருந்து முதுகையும் தாண்டி அந்தக் கட்டைக்குள் 40 மி.மீ. ஸ்க்ரூ பத்து. கீழே, சுவரைத் தொடும் கட்டைக்கும் அதே 18 மி.மீ. பிளைவுட் துண்டுதான் வேண்டும். அது இல்லாவிட்டால் அலுமாரியின் அடி சுவர்ப்பக்கம் சரிந்து, சாய்வு விளிம்பில் மட்டும் தொடும்.

ஆயுதம் அடுக்குமுன் 50 கிலோ சீமெந்துப் பை இரண்டை உள்ளே, சுவரோரம் அல்ல, நடுவில் வைத்து ஓர் இரவு விடுங்கள். அலுமாரியோடு சேர்த்து 130 கிலோ, தேவையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். காலையில் பக்கவாட்டிலிருந்து டோர்ச் அடித்து இரண்டைப் பாருங்கள். பட்டியின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் முந்தைய நாள் இல்லாத கோடு விழுந்திருக்கிறதா? பட்டியின் அடியில் பூச்சுத் தூள் கொட்டியிருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் இறக்கி, எந்தப் போல்ட் தளர்ந்தது என்று பார்த்து, அந்த இடத்தில் வெளித்தகட்டைப் பெரிதாக்கி மறுபடி வையுங்கள். எதுவும் இல்லையென்றால் பைகளை எடுத்துவிட்டு, கீழ்க் கட்டை வழியாகச் சுவருக்குள் ஒரேயொரு ஸ்க்ரூ போடுங்கள். அது பாரம் தாங்க அல்ல, அலுமாரி மேலே எழும்பாமல் பிடிக்க. அதற்கு மட்டும் பிளாஸ்டிக் பிளக் தாராளமாகப் போதும்.