போட்டோவில் முக்கால்வாசி மூடியிருக்கிறது, எத்தனை கிலோ தேன் வரும்?

"மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 12 நியூட்டன் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். தேன் அறையில் நடுச்சட்டம் ஒன்றை போட்டோ எடுத்தேன், முக்கால்வாசி மெழுகால் மூடியிருக்கிறது. இதை வைத்து எவ்வளவு தேன் கிடைக்கும் என்று சொல்ல முடியுமா?"

சொல்லலாம், ஆனால் ஒரு பக்கப் படம் மட்டும் போதாது. படம் காட்டுவது பரப்பை மட்டும்தான், தேனின் எடையோ பரப்பும் அடையின் தடிமனும் சேர்ந்தது. அதனால் சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள், அப்புறம் சட்டத்தைத் திருப்பி, அடிப்பக்கத்திலிருந்து, தடிமன் தெரியும்படி ஒரு ஸ்கேலை அடையின் மேல் வைத்து மூன்றாவதாக ஒரு படம்.

கணக்கு சின்னதுதான். நியூட்டன் பெட்டியின் தேன் அறைச் சட்டம் உள்ளளவில் ஏறத்தாழ 20.6 செ.மீ. நீளம், 6.2 செ.மீ. உயரம், அதாவது ஒரு பக்கத்துக்கு 128 சதுர செ.மீ. (உள்ளூர்த் தச்சர் செய்த பெட்டி என்றால் நீங்களே அளந்துவிடுங்கள், அரை செ.மீ. வித்தியாசம் சாதாரணமாக இருக்கும்.) அடை 2.5 செ.மீ. தடிமன் இருந்தால் ஒரு பக்கத்தின் ஆழம் ஒன்றேகால் செ.மீ. தேன் ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 1.4 கிராம், நடுச்சுவர், மெழுகு, மூடிக்குக் கீழே விடும் காற்று இடைவெளி எல்லாவற்றையும் கழித்தால், மூடிய பரப்பு ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு பக்கத்தில் 1.5 கிராம் அளவில் நிற்கும்.

இப்போது உங்கள் சட்டத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் முக்கால்வாசி எதில் முக்கால்வாசி? அடையிலா, சட்டத்திலா? பெரும்பாலும் கீழ் மூலைகளில் அடை கட்டாமல் விட்டிருக்கும். சட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு அடை இருப்பதாக வைத்துக்கொண்டால் 115 சதுர செ.மீ., அதில் முக்கால் 86, தேன் 129 கிராம். மறுபக்கமும் இதே மாதிரிதான் இருக்கும் என்று இரட்டித்து 258 என்று போட்டுவிடாதீர்கள். அங்கே பாதிதான் மூடியிருந்தால் 86 கிராம்தான், மொத்தம் 215. ஒரு சட்டத்தில் 43 கிராம் பிசகு சின்னதாகத் தெரியும், ஆனால் பெட்டிக்கு 7 சட்டம், 12 பெட்டி என்று பெருக்கினால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் போய்விடும்.

கண்மதிப்பாக முக்கால், பாதி என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். மூடிய இடம் வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பதால் கண் அதைக் கொஞ்சம் கூட்டித்தான் பார்க்கும். போட்டோவின் மேல் 2 செ.மீ. கட்டங்கள் போட்டு, கோடுகள் சந்திக்கும் புள்ளிகளை எண்ணுங்கள். அடையின் மேல் விழுபவை எத்தனை, அவற்றில் மூடிய கண்ணறை மேல் விழுபவை எத்தனை, அந்த விகிதம்தான் உங்கள் பங்கு. ஒரு சட்டத்தில் புள்ளிகள் குறைவாகத்தான் விழும் என்பதால் பல சட்டங்களைச் சேர்த்து எண்ணினால்தான் நம்பலாம். தேனீக்களை மெதுவாகத் துலக்கிவிட்டு, சட்டத்துக்கு நேரெதிரே நின்று எடுங்கள். சாய்த்து எடுத்தால் தூரத்து முனை சுருங்கி விகிதம் கெட்டுவிடும். வெள்ளையாக, தட்டையாக இருப்பது தேன் மூடி. பழுப்பாகக் கொஞ்சம் உப்பியிருந்தால் அது புழு, நடுவில் ஊசித்துளை இருந்தால் ஆண் ஈ. இவற்றை எண்ணாதீர்கள், அந்தச் சட்டத்தில் தேனும் எடுக்காதீர்கள்.

அந்த 1.5 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 7 சட்டத்துக்குப் பதில் 6 சட்டம் இடைவெளி விட்டு வைத்தவர்களிடம் தேனீ கண்ணறையை நீட்டிக் கட்டிவிடும், தடிமன் 3 செ.மீ. வந்தால் எண் 1.8-ஐத் தொடும். மூன்றாவது படம் கேட்டது இதற்குத்தான். இதைவிட நல்ல வழி, ஐந்து சட்டங்களைச் சமையலறைத் தராசில் தேன் எடுக்கும் முன்பும் பின்பும் நிறுத்து, வித்தியாசத்தை அந்தச் சட்டங்களின் மொத்த மூடிய பரப்பால் வகுப்பது. எனக்கு எப்போதும் இதுதான் உதவியிருக்கிறது. 1.3 வந்தால் உங்கள் பெட்டிகளுக்கு எண் 1.3. ஒட்டிக்கொண்டு வராத தேனும் இதிலேயே கழிந்துவிடும். ஆனால் மூடாத கண்ணறைகளில் நிறையத் தேன் இருக்கும் சட்டத்தை இந்த ஐந்தில் சேர்க்காதீர்கள், அதுவும் தேன் எடுக்கும் இயந்திரத்தில் வெளியே வந்து எண்ணை ஏற்றிவிடும். சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒரு உதறு உதறினால் சொட்டுகிறதா? அது இன்னும் பழுக்காத மதுரம், பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம், நடுச்சட்டத்தை வைத்து ஏழையும் கணக்கிட வேண்டாம், ஓரத்துச் சட்டங்கள் பெரும்பாலும் குறைவாகத்தான் நிரம்பும். பலமான கூடு ஒன்று, நடுத்தரம் ஒன்று, மெலிந்தது ஒன்று என்று மூன்று பெட்டிகளில் எல்லாச் சட்டங்களையும் எடுங்கள். சட்டத்துக்குச் சராசரி 180 கிராம் வந்தால் பெட்டிக்கு 1.26 கிலோ, 12 பெட்டிக்கு 15 கிலோ. ரப்பர் கொழுந்தில் மதுரம் சுரக்கும் நாட்களில் நிலவரம் நாளுக்கு நாள் மாறும், அதனால் படம் எடுத்த மறுநாளே தேன் எடுத்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.